பதினொன்றரைப் பவுண்

அந்த வங்கிப் படிவத்தின் எட்டாவது வரி எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வங்கியில் அதை என் பிழையாக்கத்தான் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய வீதியில், கீழே பட்டறையும் மேலே கந்தோர் என்கிற அலுவலகமுமாக இருந்த ஒரு கட்டடத்தில் கிளாக்கராக வேலை பார்த்தேன். கடிதம் அடிப்பது, கோப்புப் பார்ப்பது, வங்கிக்குப் போவது எல்லாம் நான்தான். அதற்கு முன் ஒரு கப்பல் ஏஜன்சியில் இரண்டு வருடம் இருந்தேன். நான் எழுதிய கடிதங்களை இன்னொருவர் தன் எழுத்தென்று காட்டிப் பதவி உயர்வு வாங்கியதும், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். 'வாய்க்காரி' என்ற பெயர் அங்கிருந்தே எனக்கு முன்னால் நடந்து இங்கே வந்து சேர்ந்திருந்தது.

முதலாளி கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவருக்கு இரண்டு லாஞ்சிகள், இயந்திரப் படகுகள், இருந்தன. இரண்டும் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கின. தரைவழியே மூதூர் போவதென்றால் பாதை என்கிற மிதவையில் ஏறி இறங்கி, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, அரைநாள் போய்விடும். அதனால் அந்தக் கரைச் சனத்துக்கு ஆஸ்பத்திரி, அரசாங்க வேலைக்குக் கச்சேரி, கடைத்தெரு எல்லாமே லாஞ்சியை நம்பித்தான் இருந்தன.

எழுபத்தேழில் இறக்குமதிக் கதவுகள் திறந்துவிடப்பட்ட பிறகு வந்த இரண்டாவது வருடம் அது. பெரிய லாஞ்சியின் கியர்பெட்டி உடைந்துபோனது. பட்டறையில் மூன்று தடவை ஒட்டுப்போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். நாலாவது தடவை குடாவின் நடுவிலேயே நின்றுவிட்டது. சின்ன லாஞ்சி போய்க் கட்டி இழுத்து வந்தது. பழைய பெட்டியின் தகட்டிலிருந்த இலக்கத்தை வைத்து இங்கிலாந்தின் வடகரையில் ஒரு சின்னக் கொம்பனியைத் தேடிப் பிடித்தோம். அவர்கள் பழைய மொடல்களுக்குப் பெட்டி செய்து கொடுப்பவர்கள். விலைப்பட்டியல் அனுப்பினார்கள்: கொழும்புத் துறைமுகம் வரைக்குமான கூலியுடன் தொள்ளாயிரத்து நாற்பது பிரித்தானியப் பவுண், காசு முன்கூட்டியே வரவேண்டும். அதன் அடியில் தெளிவாக அச்சடித்திருந்தது: 'எந்த நாட்டு வங்கிக் கட்டணமானாலும் வாங்குபவரையே சேரும். எங்கள் கணக்கில் பட்டியல் தொகை முழுமையாக வந்து சேர வேண்டும்.' காக்கா பார்த்தார், நான் வாசித்து மொழிபெயர்த்தும் சொன்னேன். தலையாட்டி, அடியில் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்.

இனி வங்கி. பொருள் வர முன்னம் காசு போவதென்றால் கேள்வி அதிகம். விலைப்பட்டியலின் பிரதி வேண்டும், சாமான் வந்ததும் சுங்கப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டுவோம் என்ற உறுதிக்கடிதம் வேண்டும், பிறகு அந்தப் படிவம். அதன் எட்டாவது வரி இப்படி இருந்தது: 'வெளிநாட்டு வங்கிகளின் கட்டணங்கள்: எமது கணக்கில் / பெறுபவரின் கணக்கில். பொருந்தாததை வெட்டிவிடவும்.'

வெளிநாட்டு வங்கிகள் என்றால் எது? நாங்கள் காசு கட்டுவது இந்த வங்கியில். இங்கிலாந்தில் அவர்களுக்கு ஒரு வங்கி. நடுவில் யார்? கவுண்டரில் இருந்த இளைஞனிடம் கேட்டேன்.

"இந்த வரி எனக்கு விளங்க இல்லை. எதை வெட்ட வேணும்?"

"அதை நீங்கள் தொடாதேங்கோ, மிஸ். அது எங்கட வேலை. மற்றதெல்லாம் சரியெண்டால் தாங்கோ."

தொடவில்லை. இரண்டையும் வெட்டாமல் கொடுத்தேன். காபன் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். தொள்ளாயிரத்து நாற்பது பவுணுக்கான ரூபாய் எங்கள் கணக்கிலிருந்து போனது. எங்கள் வங்கியின் கொமிஷனும் டெலெக்ஸ் செலவும் தனியாகப் போயின. எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன்.

எட்டாம் நாள் தந்தி வந்தது. 'கிடைத்தது 928.50. குறைவு 11.50. முழுத்தொகை வரும்வரை அனுப்ப இயலாது.'

காக்கா தந்தியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"புள்ள, நாம அனுப்பினது எவ்வளவு?"

"தொள்ளாயிரத்து நாப்பது, காக்கா. ரசீது இருக்கு."

"அப்ப பதினொண்டரைய ஆரு திண்ட?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பதினொன்றரைப் பவுண் அந்தக் காலத்தில் என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும்.

"வெள்ளக்காரனுக்கு எழுது," என்றார். "நாங்க முழுசா அனுப்பிட்டம், குறைஞ்சது உங்கட நாட்டிலதான், அது உங்கட பாடு எண்டு எழுது."

எழுதினேன். நான் எழுதிய கடிதங்களிலேயே எனக்கு வெட்கமான கடிதம் அதுதான். எழுதும்போதே தெரியும், அவர்களுடைய விலைப்பட்டியலின் அடியில் எங்கள் கையெழுத்து இருக்கிறதென்று.

பதில் வர பதினேழு நாள் எடுத்தது. எழுதியவர் அந்தக் கொம்பனியில் கணக்குப் பார்க்கும் ஒரு பெண். மரியாதையாக, ஆனால் வளைந்து கொடுக்காமல் எழுதியிருந்தார். தாங்கள் மொத்தம் ஏழு பேர் வேலை செய்யும் இடம். கடல்கடந்த ஒவ்வொரு ஓடரிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்ததால்தான் அந்த வரியை அச்சடித்தார்கள். தன் முதலாளி அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கியர்பெட்டி மரக்கூட்டுக்குள் ஆணி அடித்துத் தயாராகக் கிடக்கிறது. கடிதத்துடன் அவர்களுடைய வங்கி கொடுத்த வரவுச் சீட்டின் பிரதியையும் வைத்திருந்தார்.

அந்தச் சீட்டை மேசையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தேன். லண்டனிலுள்ள ஒரு வங்கியிலிருந்து வந்தது 932.50. தங்கள் கட்டணம் 4. கணக்கில் வைத்தது 928.50. அவ்வளவுதான். எங்கள் வங்கிக்கு லண்டனில் ஒரு தொடர்பு வங்கி. எங்கள் காசு நேரே போகவில்லை, அதன் கையால்தான் போயிருக்கிறது. அது தன் கூலியாக ஏழரைப் பவுணை நடுவிலேயே வெட்டி எடுத்திருக்கிறது. பிறகு அவர்களுடைய வங்கி நாலு. எட்டாவது வரி கேட்டது அதைத்தான்: இந்த வெட்டை யார் தாங்குவது? நாங்கள் தாங்குவதென்றால் அனுப்பிய தொகையில் அந்த வங்கிக்காரர்கள் கைவைக்க மாட்டார்கள், தங்கள் கூலியை எங்கள் வங்கியிடம் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். பெறுபவர் தாங்குவதென்றால் வருகிற காசிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு துண்டுக் கடுதாசியைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். கவுண்டர் இளைஞன் அன்றைக்கு இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் போதும். என் கோபம் அங்கேதான் தொடங்கியது.

அதே நாள் பின்னேரம் ஒரு கடிதத்தைச் சின்ன லாஞ்சியில் கொடுத்துவிட இறங்குதுறைப் பாலத்தடிக்குப் போனேன். லாஞ்சி நிரம்பி வழிந்தது. ஓட்டி கையை விரித்து, இனி ஒருவரையும் ஏற்ற ஏலாது என்று கத்திக்கொண்டிருந்தார். மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானிலிருந்து வாரத்தில் மூன்று நாள் கத்தரிக்காய் கொண்டுவருகிற ஒரு அம்மா, வெறும் ஓலைக் கடகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பாலத்தின் பலகையில் படுத்திருந்தார். காலையில் ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தாராம், காலில் கட்டுப் போட்டிருந்தது. என்னை லாஞ்சிக் கந்தோர்ப் பிள்ளையென்று அவருக்குத் தெரியும்.

"பெரிய லாஞ்சி எப்ப ஓடும், மகள்?"

"சாமான் வரவேணும், அம்மா."

"போன மாசமும் இதைத்தானே சொன்னனீ."

உண்மையாகவே அதைத்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த நாள் காக்காவிடம் வரவுச் சீட்டைக் காட்டி விளக்கினேன். அவர் கேட்டு முடித்து, கதிரையில் சாய்ந்தார்.

"சரி, அந்தப் பதினொண்டரைய இன்னொருக்கா அனுப்பித் தொலை. லாஞ்சி சும்மா கிடக்கிற நாளுக்கு எனக்கு அதவிட நட்டம்."

வங்கிக்குப் போனேன். இந்தத் தடவை கவுண்டரில் நிற்கவில்லை. வெளிநாட்டுக் கொடுக்கல் பார்க்கும் அதிகாரியின் மேசைக்கு நேரே போனேன். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், நடுவயது, சட்டைப்பையில் மூன்று பேனைகள். நிமிர்ந்து பார்க்காமலே கதிரையைக் காட்டினார். விஷயத்தைச் சொன்னேன்.

"அனுப்ப ஏலாது," என்றார். "இந்தப் பட்டியலுக்கு முழுத்தொகையும் போயிட்டுது. பட்டியலின்ர முதுகில நாங்களே எழுதி முத்திரை குத்தியிருக்கிறம். இனி அதின்ர பேரில ஒரு சதம் போறதெண்டாலும் மத்திய வங்கியின்ர நாணயக் கட்டுப்பாட்டுக்கு விளக்கம் சொல்ல வேணும்."

"போய்ச் சேர இல்லையே, சேர்."

"நாங்கள் அனுப்பினது முழுத்தொகை. அங்க குறைஞ்சதுக்கு நாங்கள் பொறுப்பில்லை. வெள்ளைக்காரன் தாங்கட்டும், பிள்ளை. அவனுக்கு இது ஒரு காசே?"

"சரி. ஒரு கதைக்கு, நீங்கள் அந்தப் பதினொண்டரையை அனுப்ப ஒத்துக்கொண்டீங்கள் எண்டு வைப்பம். லண்டனில ஏழரை வெட்டுவினம். மிச்சம்?"

"நாலு."

"அவையின்ர பாங்கு நாலு வெட்டும். மிச்சம்?"

அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார்.

"அப்ப நான் ஒவ்வொரு கிழமையும் பதினொண்டரை அனுப்பிக்கொண்டே இருக்கலாம்," என்றேன். "அவைக்கு ஒரு சதமும் போய்ச் சேராது. இதுக்கு முடிவு காசு அனுப்புறதில்லை, சேர். ஆர் கட்டணம் கட்டுறது எண்டதைத் திருத்துறது. எங்கட படிவத்தைக் காட்டுங்கோ."

"ஏன்?"

"எட்டாவது வரியைப் பாக்க வேணும்."

கோப்பு வரக் கால்மணி நேரம் எடுத்தது. அவர் அதைத் திறந்து பார்த்தார், உடனே மூடப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். கொஞ்சம் தயங்கி என் பக்கம் திருப்பினார். அதில், நான் கறுப்பு ரிப்பனில் அடித்துக் கொடுத்த படிவத்தில், 'எமது கணக்கில்' என்ற சொற்களின் குறுக்கே நீல மையில் ஒரு கோடு இழுத்திருந்தது.

என் பையிலிருந்து காபன் பிரதியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவர்களுடைய முத்திரை அதிலும் இருந்தது. கோடு இல்லை.

"இதை ஆர் வெட்டினது?"

"ஒண்டும் வெட்டாமல் வந்தால் அப்பிடித்தான் வெட்டுறது. வழமை."

"நான் கேட்டனான். தொட வேண்டாம் எண்டு சொன்னது உங்கட ஆள். எங்கட முதலாளி கையெழுத்து வைச்ச கடுதாசியில அவரைக் கேளாமல் கோடு இழுக்கிறது எந்த ஊர் வழமை? நீங்கள் கேட்டு வாங்கின விலைப்பட்டியலும் இந்தக் கோப்பிலதான் இருக்கு. அதின்ர அடியில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுப் பாருங்கோ."

அவர் வாசித்தார். இரண்டு தரம் வாசித்ததைக் கண்டேன்.

"பிள்ளை," என்றார், குரலைத் தாழ்த்தி. "நீர் சின்ன விஷயத்தைப் பெரிசாக்கிறீர். கட்டணத்தை எங்கட தலையில கட்டாதேங்கோ எண்டு சண்டைபிடிக்கிற ஆக்களைப் பாத்திருக்கிறன். கட்டணத்தை எங்கட தலையில கட்டுங்கோ எண்டு சண்டைபிடிக்கிறது நீர்தான் முதல் ஆள்."

"எங்கட கடனை நாங்கள் கட்டுறதுக்கு உங்கட அனுமதி வேணுமே, சேர்?"

"அதில்லை. எமது கணக்கில் எண்டு போட்டால், லண்டன்காரன் தன்ர பில்லை மாதக்கணக்குக்குப் பிறகு அனுப்புவான். அப்ப நாங்கள் உங்களைத் தேடித் திரிய வேணும். கட்ட மாட்டன் எண்டு நிண்டால் ஆர் கட்டுறது? அதுதான் வெட்டுறது."

இதுதான் உண்மைக் காரணம். கேட்டதும் எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. சட்டம் என்று சொல்லப்பட்டது சட்டமல்ல, ஒரு மேசையின் வசதி.

"அப்ப அதுக்கு ஒரு கடிதம் தாறம். பில் வரேக்க கேளாமலே எங்கட கணக்கில பிடிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. வேணுமெண்டால் இப்பவே ஒரு தொகையைப் பிடிச்சு வையுங்கோ. அது ரூபாய், உங்கட பேரேட்டில. பட்டியலுக்குப் போற பவுண் தொள்ளாயிரத்து நாப்பதுதான், அதில ஒண்டும் கூட இல்லை. நாணயக் கட்டுப்பாட்டுக்கு நீங்கள் என்ன விளக்கம் சொல்லக் கிடக்கு?"

அவர் கோப்பை மூடினார். கொழும்புத் தலைமையகத்தைக் கேட்க வேண்டும், நாளைக்கு வாரும் என்றார்.

"நான் இருக்கிறன்," என்றேன். "கேளுங்கோ."

இருந்தேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கவுண்டர் ஒன்றை மூடினார்கள். கடலை வாங்கக்கூட நான் எழும்பவில்லை, எழும்பினால் கதிரையை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். துப்புரவுக்கு வந்த பெண் என் காலடியைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார். அதிகாரி இரண்டு தடவை கொழும்புக்குக் கோல் எடுத்தார், முதல் தடவை இணைப்புக் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை கிடைத்தது. அவர் பேசுவதிலிருந்து மற்றப் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று ஊகிக்க முடிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு, "கடிதத்தைக் கொண்டு வாரும். உங்கட முதலாளியின்ர கையெழுத்தோட," என்றார்.

"டெலெக்ஸில என்ன எழுதப் போறீங்கள்?"

"அது எங்கட…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ஒரு துண்டுக் கடுதாசியை எடுத்து எழுதி எனக்குக் காட்டினார். முந்திய கொடுப்பனவின் இலக்கம். கட்டணமெல்லாம் எங்கள் கணக்கில். வெட்டிய தொகையைப் பெறுபவருக்குக் குறைக்காமல் கொடுத்து எங்களிடம் அறவிடவும்.

"பெறுபவரின்ர பாங்குக் கட்டணமும் எண்டு போடுங்கோ. இல்லாட்டி லண்டன் தன்ர ஏழரையை மட்டும்தான் விடும். அந்த நாலு பிறகும் குறையும்."

அவர் என்னைப் பார்த்தபடியே அந்தச் சொற்களையும் சேர்த்து எழுதினார்.

கந்தோருக்கு ஓடிவந்து கடிதத்தை அடித்தேன். அடுத்த சண்டை அங்கே காத்திருந்தது. காக்கா வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார்.

"இதென்ன, வெறுங்காசோலையா? அவனுகள் எவ்வளவு எழுதினாலும் எங்கட கணக்கில பிடிக்கிறதா? புள்ள, குறைஞ்சது அவனுகட நாட்டில. நாம எதுக்குத் தாங்கிற?"

"நீங்க ஒத்துக்கொண்டதால, காக்கா. பட்டியலின்ர அடியில உங்கட கையெழுத்து இருக்கு. நான் வாசிச்சும் சொன்னனான்."

"அப்ப இது எவ்வளவெண்டு தெரியுமா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமக் கையெழுத்து வைச்சது நாங்க, அவையில்லை." அவர் முகம் மாறியது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. "மூதூர் போற ஒரு ஆள் லாஞ்சியில ஏறி, கூலி ரெண்டு ரூபாய்க்கு ஒண்டரை ரூபாயைத் தந்து, வாற வழியில தேத்தண்ணிக் கடைக்காரன் அம்பது சதம் எடுத்திட்டான், மிச்சத்தை நீங்க தாங்குங்கோ எண்டு சொன்னால் ஏத்துவீங்களா?"

"இறக்கி விடுவன்."

"அவையும் அதைத்தான் செய்யினம். பெட்டியை ஏத்த இல்லை."

அவர் என்னைக் கோபமாகத்தான் பார்த்தார். என்னை அனுப்பிவிடுவார் என்றே அந்த நேரம் நினைத்தேன். அனுப்பினாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன். அது வீரமல்ல, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கடைசியில் பேனையைத் திறந்தார்.

"அறவிடுறதுக்கு ஒரு எல்லை போடு. முப்பது பவுணுக்கு மேல எண்டால் முதல்ல நம்மளக் கேக்கணும்."

அது நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. அந்த வரியைச் சேர்த்துத் திரும்ப அடித்தேன். கையெழுத்து வைத்தார். வங்கி கதவு சாத்துவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கினேன். இந்தத் தடவை எல்லாப் பக்கத்திலும் வாங்கினேன்.

பன்னிரண்டு நாளில் தந்தி வந்தது. 'முழுத்தொகை கிடைத்தது. பெட்டி அடுத்த கப்பலில்.' காக்கா அதைக் கீழே பட்டறைக்குக் கொண்டுபோய், கிறீஸ் கைகளுடன் நின்றவர்களுக்கெல்லாம் தானே வாசித்துக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நான் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், திருத்தவில்லை.

லண்டனின் பில் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வந்தது. பதினொன்றரை, அதோடு திருத்தச் செய்திக்குக் கூலி மூன்று பவுண். வங்கி எங்கள் கணக்கில் பதினாலரைக்கும் ரூபாய் பிடித்து, இரண்டாவது டெலெக்ஸ் செலவையும் சேர்த்திருந்தது. அறிவித்தல் வந்த அன்றே மறுபடியும் போனேன்.

"பதினொண்டரை எங்கட," என்றேன். "அதில எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை. இந்த மூண்டும் டெலெக்ஸும் உங்கட நீலக் கோட்டுக்கு. அதை எங்கட கணக்கில திருப்பி வையுங்கோ."

அதிகாரி மேசையில் தட்டினார். "நீரே எழுதித் தந்த கடிதம் இருக்கு. கேளாமலே பிடிச்சுக்கொள்ளச் சொல்லி."

"வெளிநாட்டு பாங்குக் கட்டணத்துக்குத் தந்தது. உங்கட பிழையைத் திருத்துற செலவுக்குத் தர இல்லை. அந்தப் படிவம் இன்னும் கோப்பில இருக்கும். எடுக்கச் சொல்லவா?"

எடுக்கச் சொல்லவில்லை அவர். ஒரு கிழமையில் அந்தத் தொகை திரும்பி வந்தது. விளக்கம் ஒன்றும் எழுதவில்லை.

பெட்டி கொழும்பில் இறங்கி லொறியில் வந்தது. சுங்கப் பத்திரத்தின் பிரதியை, உறுதி சொன்னபடி, நானே கொண்டுபோய் வங்கியில் கொடுத்தேன். மூன்று நாளில் பெட்டியை லாஞ்சியில் பொருத்தினார்கள். லாஞ்சி முதல் ஓட்டம் போன காலை நான் போகவில்லை, கந்தோரில் அடிக்க வேண்டியது குவிந்து கிடந்தது. ஜன்னலால் சத்தம் கேட்டது. அது போதுமாக இருந்தது.

இங்கிலாந்துப் பெண்ணுக்கு நன்றி சொல்லி எழுதினேன். அந்த வரவுச் சீட்டை நீங்கள் அனுப்பியிராவிட்டால் நான் இன்னும் இருட்டில்தான் நின்றிருப்பேன் என்று. அவர் பதில் எழுதினார். தன்னிடம் அந்த வரியைப் பற்றிச் சண்டைபிடித்தவர்கள் பலர், அதற்காகத் தங்கள் வங்கியுடன் சண்டைபிடித்ததாக எழுதியவள் நான் ஒருத்திதான் என்று.

கதை அதோடு முடிந்ததென்று நினைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வங்கியிலிருந்து காக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லாக் கடிதங்களையும் திறப்பது நான்தான், இதையும் நானே திறந்தேன். 'தங்கள் நிறுவனத்தின் சார்பில் வருகை தரும் பெண் ஊழியரின் நடத்தை அலுவலகத்தின் மரியாதைக்குப் பொருந்தாததாக உள்ளது. இனிவரும் கருமங்களுக்கு வேறொருவரை அனுப்பி ஒத்துழைக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

கடிதத்தை மடிக்காமல் காக்காவின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார்.

"இதென்ன எழுதியிருக்கு, புள்ள?"

"என்னை அனுப்ப வேண்டாமாம்."

"மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதினா முடிஞ்சிடும்," என்றார். "நமக்கு அந்த பாங்கு வேணும்."

"நீங்க எழுதச் சொன்னால் எழுதலாம், காக்கா. நான் கேக்க மாட்டன். நான் பிழை ஒண்டும் செய்ய இல்லை."

"கதிரையில ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்ததாமே?"

"ஓம். இருந்தனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "மிஷின எடு," என்றார்.

நான் தட்டெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். என்னைப் பற்றிய முறைப்பாட்டுக்கான பதிலை நானே அடிக்க வேண்டியிருந்தது. அவர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் அடித்தேன். உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் லாஞ்சி இப்போது ஓடுகிறது. வெளிநாட்டுக் கருமங்களுக்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒருவர், அவரையே தொடர்ந்து அனுப்புவோம். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவரைத் தயவுசெய்து ஒழுங்கு செய்யவும்.

"கடைசி வரி கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று கேட்டேன்.

"கூடினா இருக்கட்டும்," என்றார்.

கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் காலை அதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.